13 ஆர்டர், 8 ஆர்டர்: எந்தப் பக்கம் ஜெயித்தது?

கேள்வி: சென்னிமலையில் பெட்ஷீட் நெய்து ஆன்லைனிலும் விற்கிறோம். பழைய பக்கத்தில் நெசவு தெரிகிற மாதிரி மடித்து வைத்த படம். புதியதில் கட்டிலில் விரித்த படம். வருகிறவர்களைப் பாதிப் பாதியாகப் பிரித்து 4 நாள் காட்டினோம். பக்கத்துக்கு 400 பேர். பழையதில் 8 ஆர்டர், புதியதில் 13. புதியதுக்கே மாறிவிடலாம் என்கிறார் வீட்டுக்காரர். நெசவு தெரிந்தால்தான் நம்பி வாங்குவார்கள் என்கிறார் மாமனார். யார் பேச்சைக் கேட்பதுங்க?

பதில்: இப்போதைக்கு யார் பேச்சையும் கேட்க வேண்டாம் சகோதரி, சோதனை இன்னும் முடியவில்லை. இரண்டு பாதிக்கும் ஒரே பக்கத்தைக் காட்டியிருந்தாலும், மொத்தம் 800 பேரில் இவ்வளவு வித்தியாசம் நான்கில் ஒரு தடவைக்கு மேல் தற்செயலாகவே வந்துவிடும். 5 ஆர்டர் கூடுதல் என்பது அவ்வளவு மெலிந்த சான்று.

எத்தனை பேர் வேண்டும் என்பதற்கு ஒரு தோராயக் கணக்கு உண்டு:

```
16 × p × (1 − p) ÷ d²
```

p என்பது வாங்குகிறவர்களின் விகிதம், d என்பது நீங்கள் எதிர்பார்க்கும் வித்தியாசம். உங்கள் பழைய பக்கத்தில் 100 பேரில் 2 பேர் வாங்குகிறார்கள். அது 3 ஆனால்தான் மாற்றுவது பலன் என்றால் p-க்கு நடுவான 0.025, d-க்கு 0.01 போடுங்கள். பக்கத்துக்கு 3,900 பேர் என்று வரும். உங்களுக்கு ஒரு நாளில் பக்கத்துக்கு 100 பேர் வருகிறார்கள். 39 நாள் ஆகும், வாரக் கணக்கு உடையாமல் 6 வாரமாக வையுங்கள். ஞாயிற்றுக்கிழமை வாங்குகிறவர்களும் செவ்வாய்க்கிழமை வாங்குகிறவர்களும் ஒரே மாதிரி இருப்பதில்லை.

நடுவில் தினமும் எண்ணிக்கையைப் பார்த்து, நமக்குப் பிடித்த பக்கம் முந்திய அன்றே நிறுத்துவதுதான் பலரும் செய்கிற தவறு. இரண்டும் சமமாக இருந்தாலும் ஏதோ ஒரு நாள் ஒன்று முந்தத்தான் செய்யும். அதனால் முடிக்கும் தேதியையும் எதை வெற்றி என்று சொல்வீர்கள் என்பதையும் இன்றே எழுதி வையுங்கள். பக்கத்துக்கு 4,200 பேர் பார்த்த பிறகு, ஏறத்தாழ 30 ஆர்டராவது கூடுதலாக இருந்தால்தான் வெற்றி.

மாமனார் சொல்வதைத் தள்ளிவிடாதீர்கள். அவர் சொன்னதற்குள் சோதித்துப் பார்க்கக்கூடிய ஒரு யூகம் இருக்கிறது. நெசவு தெரியாமல் வாங்குகிறவர், துணியைக் கையில் தொட்டதும் திருப்பி அனுப்பலாம். எனவே ஆர்டரை மட்டும் எண்ணாமல், எந்தப் பக்கத்து ஆர்டர் எவ்வளவு ரிட்டர்ன் ஆகிறது என்பதையும் தனியாகக் குறித்து வாருங்கள். கேஷ் ஆன் டெலிவரியில் இது முக்கியம், திரும்பி வந்தால் கூரியர் செலவு உங்கள் தலையில்தான். புதிய பக்கம் ஆர்டரில் முந்தி ரிட்டர்னில் கோட்டை விட்டால் அது வெற்றி இல்லை.

அப்புறம், இந்த 6 வாரத்தில் விலையையோ கூரியர் கட்டணத்தையோ தொடாதீர்கள். ஒரு தடவை வந்தவர் மறுபடி வந்தாலும் அதே பக்கத்தைத்தான் பார்க்கிறாரா என்று பக்கம் செய்துகொடுத்தவரிடம் கேட்டு உறுதி செய்யுங்கள். தீபாவளி நடுவில் வந்தால் தள்ளித் தொடங்குங்கள்.

முடிவில் வித்தியாசம் தெளிவாகத் தெரியாவிட்டால், அப்போது வீட்டில் பேசித் தீர்மானிப்பதில் தப்பே இல்லை. நானாக இருந்தால் மாமனார் பக்கம்தான் நிற்பேன், நெய்கிறவர் கண்ணுக்கு அந்த மதிப்பு உண்டு.