கூரைமேல் நிற்கும் காற்றுக் குழாயை அடைத்துவிடாதீர்கள்

"பினாங்கில் இரண்டு மாடி வரிசை வீடு. பின்பக்கக் கூரைமேல் நிற்கும் பைப்பிலிருந்து மாடி அறை ஜன்னலுக்கு நாற்றம் வருகிறது. மூடி போட்டு அடைத்துவிடலாமா?"

அடைக்காதீர்கள். நான் அடைத்துப் பட்டவன், அதனால் சொல்கிறேன். நான் பிளம்பர் இல்லை, என் வீட்டுக் கதையைத்தான் எழுதுகிறேன். தொழில் தெரிந்தவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

உங்கள் வீட்டிலும் பின்னால் அடுப்படியை நீட்டி ஜிங்க் கூரை போட்டிருப்பீர்கள், அதற்குமேல் பிற்பாடு ஒரு ஜன்னல் வைத்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். எங்கள் கதை அதுதான். நாலு அங்குல பைப் கூரைக்கு மேல் ஒரு சாண்கூடத் தெரியவில்லை. வீடு கட்டிய காலத்தில் அதன் பக்கத்தில் ஜன்னலே இல்லை, அப்போது அந்த உயரம் போதும். நாங்கள் மாடியில் அறை எடுத்தபோது, பைப்பிலிருந்து ஒன்றரை மீட்டர்கூட இல்லாத இடத்தில் ஜன்னல் வைத்தார் கொண்ட்ராக்டர். காற்றே இல்லாத இரவில் அழுகிய முட்டை வாடை நேராக அறைக்குள் வரும். வந்த உறவுக்காரர்கள் எல்லாம் "வீட்டைக் கழுவுவதில்லையா?" என்று என் மனைவியைத்தான் கேட்டார்கள். என்னிடம் ஒருத்தர் கேட்கவில்லை. கழிவறை நாறினால் வீட்டுப் பெண்தான் பதில் சொல்ல வேண்டும் என்பது எந்த ஊர் நியாயமோ, தெரியவில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். கொண்ட்ராக்டர் ஒரு பிளாஸ்டிக் மூடியை ஒட்டி அடைத்தார். இரண்டு நாள் நிம்மதி. அப்புறம் மேலே ஃப்ளஷ் செய்தால் கீழ்க் கழிவறையில் 'கொடக் கொடக்' என்று சத்தம். தரையில் தண்ணீர் வடியும் ஓட்டைக்கு அடியில் இருக்கும் வளைவான தரைப் பொறியில் நிற்கும் தண்ணீர் குறைந்தது. அந்தத் தண்ணீர் ஐந்து சென்டிமீட்டர் அளவுதான் நிற்கும், ஆனால் சாக்கடைக் காற்று வீட்டுக்குள் வராமல் தடுப்பதே அதுதான். மேலிருந்து தண்ணீர் மொத்தமாக விழும்போது முன்னால் இருக்கும் காற்றைத் தள்ளும், பின்னால் காற்றை இழுக்கும். கூரைமேல் வாய் திறந்திருந்தால் அங்கிருந்து காற்று வரும். அடைத்துவிட்டால் பொறித் தண்ணீரையே உறிஞ்சிவிடும். ஜன்னலுக்கு வெளியே இருந்த நாற்றத்தை நானே காசு கொடுத்து வீட்டுக்குள் கொண்டுவந்தேன். (முன்பணம் வாங்கிய அந்த மனிதர் அதற்குப்பிறகு போனை எடுக்கவே இல்லை. அது தனிக்கதை.)

இரண்டாவதாக வந்த பிளம்பர், வயதான அண்ணன், மூடியை அறுத்துப் போட்டுவிட்டு டேப்பை எடுத்தார். அவர் சொன்ன கணக்கு பிரிட்டிஷ் முறை: திறக்கும் ஜன்னலோ கதவோ 3 மீட்டருக்குள் இருந்தால், பைப்பின் வாய் அதன் மேல் விளிம்பைவிடக் குறைந்தது 900 மில்லிமீட்டர் உயரத்தில் இருக்க வேண்டும். எங்கள் ஜன்னலின் கீழ் விளிம்பு ஜிங்க் கூரையிலிருந்து 600, ஜன்னல் உயரம் 1200, அதற்குமேல் 900. ஆக 2700 மில்லிமீட்டர். பைப் ஏற்கெனவே 150 நின்றது. 2550 நீட்ட வேண்டும். பக்கவாட்டில் 3 மீட்டருக்கு அப்பால் கொண்டுபோகலாமே என்று கேட்டேன். அந்தப் பக்கம் பக்கத்து வீட்டு ஜன்னல் இருக்கிறது, அவர்களுக்கும் மூக்கு உண்டு என்றார். நேராகவே ஏற்றி, சுவரோடு இரண்டு கிளிப் வைத்துப் பிடித்தார். அவ்வளவு நீளப் பைப்பைப் பிடிப்பில்லாமல் விட்டால் காற்றில் ஆடும், ஜிங்க்கைத் துளைத்து வரும் இடம் விரிசல் விட்டு மழை ஒழுகும்.

மூடியை என்ன செய்வது என்கிறீர்களா? மூடி வேண்டும், ஆனால் அடைக்கிற மூடி வேண்டாம். கம்பிக்கூண்டு மாதிரி ஒன்று விற்கிறார்கள். மைனா கூடு கட்டாமல், இலை விழாமல் தடுக்க மட்டும்தான் அது. எலித் தொல்லை இருந்தால் பிளாஸ்டிக் வேண்டாம், உலோகமாகப் பாருங்கள். மழைத் தண்ணீர் உள்ளே போகுமே என்று பயப்பட வேண்டாம், அந்த வாய்க்குள் விழுவது கொஞ்சம்தான், கழிவுக் குழாயோடு போய்விடும். கூண்டின் ஓட்டை மிகச் சிறியதாக இருந்தால் பைப்பை அடைத்ததற்குச் சமம், அதை மட்டும் பார்த்து வாங்குங்கள்.

உங்கள் பைப் ஏற்கெனவே அடைபட்டிருக்கிறதா என்று தெரிய, மாடியில் ஃப்ளஷ் செய்யச் சொல்லிவிட்டு கீழே தரைப் பொறியைப் பாருங்கள். குமிழி விட்டாலோ தண்ணீர் கீழே இறங்கினாலோ காற்று சரியாக வராமல் இருக்கலாம், பைப்பின் வாயில் ஏதாவது இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். தண்ணீர் அசையாமல் இருந்தும் ஜன்னலில் நாற்றம் வந்தால், உங்களுக்கு உயரம்தான் குறை. டேப்பை எடுத்துக்கொண்டு மாடி ஜன்னலுக்குப் போங்கள்.