வளைந்த ஷாஃப்டைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள்

தொழில் அமைப்புகள் அழைத்துச் செல்லும் ஆலைப் பார்வைகளைப் பற்றி இந்த முறை நிறையக் கேள்விகள் வந்திருக்கின்றன. ஐந்தை எடுத்துக்கொள்கிறேன்.

கோணம் தொழிற்பேட்டையில் ஓர் இயந்திரப் பட்டறையில் உற்பத்திப் பொறியாளராக இருக்கிறேன். இரண்டு முறை கோவை ஆலைகளைப் பார்க்கப் போய்விட்டு, கை நிறைய விசிட்டிங் கார்டுகளோடு திரும்பினேன். ஒருவரும் பிறகு பேசவில்லை. இனியும் போக வேண்டுமா?

போங்கள். ஆனால் அடுத்த முறை கார்டுக் கட்டைக் குறைத்துக்கொண்டு, உங்களைத் தூங்கவிடாத ஒரு பிரச்சினையை எடுத்துச் செல்லுங்கள். நான் அப்படித்தான் கற்றுக்கொண்டேன்.

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் பட்டறையில் 25 மி.மீ. விட்டமுள்ள பம்ப் ஷாஃப்டுகள் செய்துகொண்டிருந்தோம். பொருள் EN8 எஃகு. கடைசல் முடித்து, கிரைண்டிங்குக்காக விட்டத்தில் 0.3 மி.மீ. கூடுதலாக விட்டு, இண்டக்‌ஷன் ஹார்டனிங்குக்கு வெளியே அனுப்புவோம். திரும்பி வந்தவற்றை டயல் கேஜில் வைத்துச் சுற்றினால் பலவற்றில் முள் 0.4 மி.மீ. ஆடியது. முள் 0.4 ஆடினால் மையம் 0.2 விலகியிருக்கிறது என்று பொருள். எங்களிடம் ஒரு பக்கத்துக்கு இருந்த உலோகமோ 0.15தான். எப்படி கிரைண்டிங் செய்தாலும் ஒரு பக்கம் கல் படாமலே நின்றுவிடும். நாங்கள் ஹார்டனிங் செய்தவரைத் திட்டினோம். அவர் எங்கள் கடைசலைக் குறை சொன்னார்.

அந்தச் சமயத்தில் ஒரு சங்கத்தின் ஆலைப் பார்வை வந்தது. நாகர்கோவிலில் இரவு ரயில் ஏறும்போதே வளைந்த ஷாஃப்ட் ஒன்றைச் செய்தித்தாளில் சுற்றிப் பையில் போட்டுக்கொண்டேன். வாடிக்கையாளரின் வரைபடத்தை எடுக்கவில்லை. அது அவருடைய சொத்து. ஷாஃப்டிலும் அவர் பெயரோ பாகத்தின் எண்ணோ கிடையாது.

கோவையில் ஏறிய பஸ்ஸில் பக்கத்து இருக்கையில் வேறு ஊர்ப் பட்டறைக்காரர் ஒருவர், வயதில் மூத்த அண்ணாச்சி. ஷாஃப்டைக் கையில் வாங்கி உருட்டிப் பார்த்துவிட்டு, “கம்பியை நிமிர்த்தித்தானே விற்கிறார்கள்? அந்த இறுக்கம் உள்ளேயே இருக்கும். சூடு பட்டதும் வெளியே வரும்” என்றார். கண்டுபிடிக்கும் வழியையும் அவரே சொன்னார். கடைசல் முடிந்த இரண்டு ஷாஃப்டுகளை ஹார்டனிங் செய்யாமல், வெறும் உலையில் 550 டிகிரி வாக்கில் ஒரு மணி நேரம் வைத்து, மெதுவாக ஆறவிட்டு அளக்க வேண்டும். அப்போதே வளைந்திருந்தால் குற்றம் கம்பியில். நேராகவே இருந்தால் ஹார்டனிங் செய்யும் இடத்தில் தேட வேண்டும்.

அன்று மதியம் பார்த்த ஆலையில் இண்டக்‌ஷன் இயந்திரம் ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. வழிகாட்டிய அதிகாரி உற்பத்தி எண்ணிக்கையைச் சொல்லிக்கொண்டு முன்னே போய்விட்டார். நான் பின்தங்கி, இயந்திரத்தருகே நின்ற மேற்பார்வையாளரிடம் ஒன்றுதான் கேட்டேன்: “சூடேறும்போது ஷாஃப்ட் சுழல்வது நின்றுவிட்டால், மின்சாரம் தானாக நிற்குமா?” சுழலாவிட்டால் காயிலுக்கு நெருங்கிய பக்கம் அதிகமாகச் சூடேறி, ஷாஃப்ட் வளையும். அவர் சிரித்துவிட்டு, அதற்கான சென்சாரைக் காட்டினார். குளிர்விக்கும் பாலிமர் கலவையின் செறிவைப் பார்க்கும் ரிஃப்ராக்டோமீட்டரையும், அன்று காலை எழுதிய அளவையும் காட்டினார். செறிவு குறைந்தால் விரிசல் விழும், கூடினால் போதிய கடினம் வராது. அந்தக் குறிப்பேடு நாள்தோறும் நிரம்புகிற இடத்தை நம்பலாம். பார்வைக்கு ஆள் வருகிறது என்று ஒரே பேனாவில் ஒரு மாதத்தை நிரப்பிய குறிப்பேடுகளையும் பார்த்திருக்கிறேன்.

ஊருக்கு வந்து சோதித்தோம். உலையில் வைத்த இரண்டுமே வளைந்தன. எங்களிடம் திட்டு வாங்கிய மனிதர் குற்றமற்றவர்! அதன்பின் முதல் கடைசலில் 1 மி.மீ. கூடுதலாக விட்டு, உலையில் இறுக்கம் தணித்து, பிறகு இறுதிக் கடைசல் செய்தோம். முள்ளின் ஆட்டம் 0.1 அளவுக்கு இறங்கியது. பழைய ஹார்டனிங்காரரிடம் மன்னிப்புக் கேட்டு அவரிடமே தொடர்ந்தோம். கோவை ஆலையிலிருந்து வேலை எதுவும் வரவில்லை. வேலை வந்தது பஸ்ஸில் பார்த்த அண்ணாச்சியிடமிருந்து. சோதனை முடிவை அந்த வாரமே போனில் சொன்னேன். இரண்டு மாதம் கழித்து, தன் பட்டறையில் கொள்ளாத 20 ஷாஃப்டுகளை மாதிரிக்கு அனுப்பினார்.

உங்களிடம் உள்ள கார்டுகளில் எத்தனை பேருக்கு நீங்கள் அந்த வாரமே ஏதாவது ஒரு விவரம் அனுப்பினீர்கள்?

மார்த்தாண்டம் பக்கம் ஒரு ரப்பர் மோல்டிங் நிறுவனத்தில் வேலை. ஆலைப் பார்வைக்கு அனுமதி கேட்டால், வேறு வேலை தேடுகிறேன் என்று முதலாளி நினைக்கிறார்.

அவர் சந்தேகம் முழுக்கத் தவறு என்று சொல்ல மாட்டேன். பஸ்ஸில் ஏறியவர் வேறு நிறுவனத்தில் இறங்கிய கதைகள் உண்டு. போகும் முன்பே அவரிடம், “நம்முடைய எந்தப் பிரச்சினைக்கு விடை தேடி வரட்டும்?” என்று கேளுங்கள். அச்சில் ரப்பர் ஒட்டிக்கொள்வது, விளிம்பில் பிதுங்கும் கழிவு என்று அவரே ஒன்றைச் சொல்வார். திரும்பியதும் ஒரே பக்கத்தில் எழுதிக் கொடுங்கள்: என்ன பார்த்தேன், யாரிடம் கேட்டேன், நம் பட்டறையில் எதைச் சோதிக்கலாம். வெளியே பேசும்போது உங்கள் ரப்பர்க் கலவை, விலை, வாடிக்கையாளர் பெயர் மூன்றையும் வாயில் எடுக்காதீர்கள்.

ஆரல்வாய்மொழியில் சிறு பட்டறை. மகேந்திரகிரி கண்ணெதிரே இருக்கிறது. அங்கே உள்ளே போய்ப் பார்த்து, வேலை வாங்க முடியுமா?

அது இஸ்ரோவின் ராக்கெட் இன்ஜின்களைச் சோதிக்கும் இடம். பக்கத்து ஊர் என்பதற்காக வாசல் திறக்காது. உங்களுக்கு ஏற்ற வழி, சிறுதொழில் அமைச்சகத்தின் அலுவலகங்கள் நடத்தும் விற்பனையாளர் மேம்பாட்டு நிகழ்ச்சிகள். மத்திய அரசுத் துறைகளும் பொதுத்துறை நிறுவனங்களும் ஆண்டுக் கொள்முதலில் 25 விழுக்காட்டைக் குறு, சிறு நிறுவனங்களிடம் வாங்க வேண்டும் என்ற விதி இருப்பதால், அங்கே கொள்முதல் அதிகாரிகளும் வருவார்கள். உதயம் பதிவுச் சான்றைக் கையோடு கொண்டு போங்கள். அதிகாரியைச் சுற்றி எப்போதும் கூட்டம்தான். ஏற்கெனவே பாகங்கள் கொடுத்துவரும் பட்டறைக்காரர் ஓரமாகத் தேநீர் குடித்துக்கொண்டிருப்பார். அவரைத் தேடுங்கள். நேரடி ஒப்பந்தத்துக்கு முன் அவருக்கு ஜாப் ஒர்க் செய்து, எந்த ஆவணங்களும் சோதனைச் சான்றுகளும் கேட்கப்படுகின்றன என்று பார்த்துக்கொள்வது எளிது.

பணம் கட்டிப் பதிவு செய்தும், ஆலை வாசலில் என்னை மட்டும் நிறுத்திவிட்டார்கள்.

அவர்கள் செய்யும் பொருளையே நீங்களும் செய்கிறீர்களா? அப்படியென்றால் அது அவர்கள் உரிமை. அடுத்த முறை பதிவு செய்யும்போதே ஏற்பாட்டாளரிடம் கேட்டுவிடுங்கள். உங்கள் பொருளை மறைத்து எழுதி உள்ளே போவது மட்டும் வேண்டாம். உள்ளே போனபின் போனைச் சட்டைப்பையிலிருந்து எடுக்காமல் இருப்பதும் நல்லது.

பார்வையில் அறிமுகமான ஒருவர், என் பட்டறையைப் பார்க்க வருகிறேன் என்கிறார். எனக்கு இருப்பது ஒரு தகரக் கொட்டகையும் இரண்டு லேத்தும்தான். கூச்சமாக இருக்கிறது.

வரச் சொல்லுங்கள். புதுப் பெயின்ட் அடிக்க ஓடாதீர்கள். அந்தப் பணத்தில் மைக்ரோமீட்டர்களை அளவுச் சோதனைக்கு அனுப்பி, தேதி ஒட்டி வையுங்கள். கழித்த பாகங்களைச் சிவப்புப் பெட்டியில் தனியாகப் போட்டு, ஒவ்வொன்றிலும் ஏன் கழித்தீர்கள் என்று எழுதிக் கட்டுங்கள். வருகிறவர் விவரம் தெரிந்தவரென்றால் முதலில் அந்தப் பெட்டிக்குத்தான் போவார். பெட்டி காலியாக இருந்தால் சந்தேகப்படுவார், அதனால் அன்றைக்கென்று காலி செய்துவிடாதீர்கள்.