பயிற்சிக் கருத்துப் படிவங்களைச் சுருக்குவது: ஒரு கொட்டான் பட்டறைக் கணக்கு

கேள்வி: பயிற்சிப் பட்டறையில் வாங்கிய கருத்துப் படிவங்கள் ஒரு கட்டு இருக்கு. சராசரி மதிப்பெண், பொதுவான யோசனைகள், பயிற்சியாளர் சரிசெய்ய வேண்டியவைன்னு ஒரே பக்கத்தில் சுருக்கித் தரச் சொல்றாங்க. எப்படிச் செய்வது?

பதில்:

காரைக்குடிப் பக்கம் மகளிர் குழுக்களுக்குப் பனையோலைக் கொட்டான் பின்னும் பயிற்சி நடத்துகிறோம். படிவங்களைத் தொகுப்பது என் பொறுப்பு. ஒரு பட்டறையை வைத்தே சொல்கிறேன். வந்தவர்கள் 24 பேர், கைக்கு வந்த படிவம் 21. ஒவ்வொரு கேள்விக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண், கடைசியில் எழுதுவதற்கு நான்கு கோடு.

கூட்ட ஆரம்பிக்கும் முன் எல்லாவற்றையும் ஒருமுறை படித்துவிடுங்கள். ஒரு படிவத்தில் எல்லாக் கேள்விக்கும் 1 போட்டிருந்தது. கீழே பார்த்தால், ‘ரொம்பப் பொறுமையா சொல்லிக் குடுத்தாங்க, அடுத்த தடவையும் கூப்பிடுங்க.’ முதல் ரேங்க் என்று நினைத்து 1 போட்டிருக்கிறார். நம் ஊரில் இது அடிக்கடி நடக்கும். அதற்காக நாமே அதை 5 ஆக்கிவிடக் கூடாது. எழுதியவர் யாரென்று தெரிந்தால் கேட்டுக்கொள்ளலாம். பெயர் இல்லையென்றால் சராசரியில் சேர்க்காமல் தனியாக வைத்துவிட்டு, அப்படி வைத்ததை அறிக்கையில் ஒரு வரி எழுதுங்கள். எழுத்தில் சொன்ன கருத்து மட்டும் கணக்கில் வரட்டும்.

மீதி 20. ‘சொல்லிக்கொடுத்த வேகம்’ என்ற கேள்வியை எடுத்துக்கொள்கிறேன். 8 பேர் 5, 2 பேர் 4, 6 பேர் 2, 2 பேர் 1 போட்டிருந்தார்கள். 2 பேர் ஒன்றும் எழுதவில்லை. எழுதாத கட்டத்தைக் காலியாகவே விடுங்கள். எக்செல் காலிக் கட்டத்தைச் சராசரியில் சேர்க்காது, ஆனால் 0 என்று அடித்தால் சேர்த்துவிடும். காலியாக விட்டால் 62 ஐ 18 ஆல் வகுத்து 3.4. பூஜ்யம் அடித்தால் 20 ஆல் வகுத்து 3.1.

சரி, 3.4 என்று எழுதிக் கொடுத்தால் பயிற்சியாளர் ‘பரவாயில்லை, சுமார்’ என்று எடுத்துக்கொள்வார். ஆனால் யாருமே 3 போடவில்லையே! பாதிப் பேருக்குப் பிடித்திருக்கிறது, மற்றவர்கள் திணறியிருக்கிறார்கள். இப்படி இரண்டு பக்கமும் குவிந்திருந்தால் ஆட்களைப் பிரித்துப் பார்க்க வேண்டும். எங்கள் படிவத்தில் ‘இதற்கு முன் பின்னியிருக்கிறீர்களா?’ என்று ஒரு கேள்வி உண்டு. அதற்கு வந்த பதிலை A நெடுவரிசையில் ‘பழகியவர்’, ‘புதியவர்’ என்றும், வேகத்துக்கான மதிப்பெண்ணை B நெடுவரிசையிலும் வைத்து இப்படிப் போட்டேன்:

```
=AVERAGEIF(A2:A21,"பழகியவர்",B2:B21)
=AVERAGEIF(A2:A21,"புதியவர்",B2:B21)
```

ஏற்கெனவே பின்னத் தெரிந்த 10 பேரின் சராசரி 4.8. புதிதாக வந்த 8 பேருடையது 1.75. அறிக்கையில் 3.4 க்குப் பக்கத்திலேயே இந்த இரண்டையும் எழுதினேன். பயிற்சியாளருக்கு வேலைக்கு ஆவது இதுதான். இன்னொன்று, 20 பேரில் ஒருவர் 1 க்குப் பதில் 5 போட்டாலே சராசரி 0.2 நகர்ந்துவிடும். அதனால் போன பட்டறையை விட 0.2 குறைந்துவிட்டது என்று அவரிடம் போய் நிற்காதீர்கள்.

அடுத்து யோசனைகள். வார்த்தையைப் பார்த்துப் பிரிக்காமல் காரணத்தைப் பார்த்துப் பிரியுங்கள். ‘ஓலை மடக்கும்போது உடையுது’, ‘விளிம்பு கையைக் கீறுது’, ‘பின்னல் இறுக்கமா வரலை’ என்று மூன்று விதமாக எழுதியிருந்தார்கள். மூன்றுக்கும் காரணம் ஓலை போதுமான நேரம் தண்ணீரில் ஊறாததுதான். பயிற்சியாளர் அக்காவிடம் கேட்டபோது அவரும் அதையே சொன்னார். ஆக ஒரே தலைப்பு: ஓலை ஊறவைப்பது, 7 பேர். தலையை எண்ணுங்கள், வாக்கியத்தை எண்ணாதீர்கள். ஒருவரே இரண்டு வரி புலம்பியிருந்தாலும் அது ஒன்றுதான். அவர்கள் எழுதியதில் ஒரு வரியை அப்படியே போட்டுவிடுங்கள், அப்போதுதான் படிப்பவருக்கு உறைக்கும்.

கடைசிப் பகுதியில்தான் பலரும் எல்லாவற்றையும் பயிற்சியாளர் தலையில் கட்டிவிடுகிறார்கள். மின்விசிறி ஓடவில்லை, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்பதெல்லாம் நடத்துபவர்களாகிய நம் பாடு. அதைத் தனித் தாளில் நாமே வைத்துக்கொள்ள வேண்டும். எங்களுக்கு வராத மூன்று படிவமும் பஸ்ஸுக்காக முன்பே கிளம்பியவர்களுடையவை என்பதால், அதை அந்தத் தாளில் முதலில் எழுதினேன்.

பயிற்சியாளருக்கு மூன்று விஷயத்துக்கு மேல் கொடுப்பதில்லை. வரிசையை எண்ணிக்கை மட்டும் தீர்மானிக்கக் கூடாது. ஓலை கிழிக்கும்போது கத்தி விரலில் பட்டதாக ஒரே ஒருவர்தான் எழுதியிருந்தார். அதைத்தான் முதலில் வைத்தேன்: கத்தி பிடிக்கும் விதத்தைத் தொடக்கத்திலேயே ஒவ்வொருவரிடமும் செய்யச் சொல்லிப் பார்க்க வேண்டும். இரண்டாவது, பட்டறைக்கு முந்தின நாளே ஓலையை ஊறப் போடுவது. மூன்றாவது, புதியவர்களைத் தனியாக உட்கார வைத்து அடிப்பாகம் பின்னி முடிக்கும்வரை மெதுவாகப் போவது. ஒவ்வொன்றுக்கும் எதிரே எத்தனை பேர் சொன்னார்கள், எந்தக் கேள்வியின் மதிப்பெண்ணில் அது தெரிகிறது என்று எழுதிக் கொடுத்தேன். அடுத்த பட்டறையில் புதியவர்களின் வேகச் சராசரியை இதே 1.75 உடன் ஒப்பிட்டுப் பார்க்கலாம்.