சில்லுமூக்கு உடைந்தால் எங்கே பிடிப்பது, எவ்வளவு நேரம் பிடிப்பது?

காட்பாடி, ஒரு அம்மா: அக்கா, பையனுக்கு இரண்டரை வயது. நேற்று ராத்திரி தூக்கத்திலேயே மூக்கில் ரத்தம். தலையை அண்ணாக்க வைத்து மூக்குத்தண்டை அழுத்தினேன், நிற்கவில்லை. அப்புறம் கறுப்பாக வாந்தி எடுத்தான். வயிற்றிலும் ரத்தம் வருகிறதா?

மூக்கிலிருந்து தொண்டை வழியாக இறங்கிய ரத்தத்தைத்தான் கக்கியிருப்பான். வயிற்றில் சேர்ந்த ரத்தம் கறுத்துவிடும், குமட்டலும் வரும். மூக்கில் ரத்தம் வராத நாளிலும் அப்படி வாந்தி எடுத்தால் உடனே காட்டுங்கள்.

நீங்கள் அழுத்தியது எலும்பு. ரத்தம் வருவது பெரும்பாலும் அங்கிருந்து அல்ல. இரண்டு துவாரங்களுக்கும் நடுவில் உள்ள சுவரின் முன்பக்கத்தில், விரல் நுனி எட்டும் இடத்தில், மெல்லிய ரத்தக்குழாய்கள் பின்னிக் கிடக்கின்றன. எலும்பு முடிந்து மூக்கு மெத்தென்று ஆகிற இடத்துக்குக் கீழே, கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் இரண்டு துவாரமும் மூடும்படி பிடிக்க வேண்டும். சரியாகப் பிடித்தால் குழந்தையால் மூக்கு வழியாக மூச்சு விட முடியாது, வாயால்தான் விடும். தலை சற்று முன்னால் குனிந்திருக்கட்டும். வாய்க்கு வரும் ரத்தத்தைத் துப்பச் சொல்லுங்கள். படுக்க வைக்காதீர்கள்.

ஆற்காடு, ஒரு அப்பா: பத்து நிமிஷம் பிடிக்கணும் என்கிறார்கள். என் பெண் பத்து நொடிகூட விடமாட்டாள். நான் அவ்வப்போது நின்றுவிட்டதா என்று பார்த்துப் பார்த்துப் பிடித்தேன். பஞ்சும் வைத்தேன். அரைமணி ஆனது.

அந்தப் பார்த்துப் பார்த்துப் பிடித்ததில்தான் அரைமணி ஆனது தம்பி. உறையத் தொடங்கும் ரத்தம், கையை எடுத்ததும் கலைந்துவிடும். மறுபடி முதலிலிருந்து எண்ண வேண்டியதுதான். பஞ்சை உருவும்போது உறைந்ததும் கூடவே பிய்ந்து வரும்.

பாப்பாவை மடியில், அவள் முதுகு உங்கள் நெஞ்சில் படும்படி உட்கார வையுங்கள். ஒரு கையால் அவளுடைய இரண்டு கைகளையும் சேர்த்து அணைத்துக்கொண்டு, மறு கையால் மூக்கைப் பிடியுங்கள். எதிரே கடிகாரம், போனில் அவளுக்குப் பிடித்த பாட்டு. போன் கொடுக்கலாமா என்ற விவாதத்தை அன்றைக்கு விட்டுவிடலாம். முழுசாகப் பத்து நிமிடம் கழித்துப் பாருங்கள். வந்தால் இன்னொரு பத்து நிமிடம். அதற்கும் அடங்கவில்லை என்றாலோ, கொட்டுகிற மாதிரி வந்தாலோ, குழந்தை வெளிறிச் சோர்ந்தாலோ, பிடித்தபடியே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள்.

குடியாத்தம், ஒரு தாத்தா: எல்லாம் நம்ம வேலூர் வெயில், உடம்புச் சூடு. இளநீர் கொடுத்தால் போதுமே, எதற்கு டாக்டர்?

பாதி சரி ஐயா. வறண்ட காற்றில் மூக்கின் உட்சுவர் காய்ந்து பொருக்குத் தட்டும், ஏசி அறையிலும் அப்படித்தான். அது அரிக்கும், பிள்ளை நோண்டும், ரத்தம் வரும். சளி, ஒவ்வாமை இருந்தாலும் இதே கதைதான். இளநீர் நல்லதுதான், ஆனால் பொருக்கு அதனால் போகாது. நகத்தை வெட்டுங்கள். மருந்துக்கடையில் கிடைக்கும் உப்புநீர்ச் சொட்டு விடலாம். ராத்திரி துளி வாசலினை மூக்கின் வாசலில் மட்டும் தடவலாம்.

வாலாஜா, ஒருவர்: எனக்கு 56 வயது, பிரஷர் மாத்திரையும் ரத்தம் உறையாமலிருக்க மாத்திரையும் போடுகிறேன். எனக்கும் இப்படிப் பிடித்தால் போதுமா?

பிடிக்கும் விதம் ஒன்றுதான். ஆனால் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர் வீட்டில் காத்திருக்கக் கூடாது. நீங்களாக மாத்திரையை நிறுத்தவும் கூடாது.

ராணிப்பேட்டை, ஒரு அம்மா: மூன்று வயது. வலது மூக்கில் மட்டும் ரத்தம் கலந்த சளி, கிட்டே போனால் நாற்றம். ஆன்டிபயாடிக் கொடுக்கலாமா?

ஒரே பக்கம், அதோடு நாற்றம் என்றால் உள்ளே எதையோ போட்டிருக்கிறாளா என்றுதான் முதலில் பார்க்க வேண்டும். புளியங்கொட்டை, பாசிமணி, ஸ்பாஞ்ச் துண்டு என்று எதுவும் இருக்கலாம். வீட்டில் கொண்டை ஊசியால் எடுக்கப் போகாதீர்கள், உள்ளே தள்ளிவிடுவீர்கள். இன்றே காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போங்கள். பட்டன் பேட்டரியாக இருக்கலாம் என்று சந்தேகம் வந்தால் ஒரு மணி நேரம்கூடத் தள்ளாதீர்கள். அது மூக்கின் நடுச்சுவரையே அரித்துவிடும்.

ஆம்பூர், ஒரு அம்மா: நான்கு வயதுப் பையனுக்கு மாதம் மூன்று நான்கு தடவை வருகிறது. எனக்கும் சின்ன வயதில் வரும், மாதவிலக்கும் ரொம்ப அதிகம். ரத்தப் பரிசோதனை எடுக்கணுமா?

நீங்கள் சொன்ன கடைசி விஷயம்தான் எனக்கு முக்கியம். ரத்தம் உறைவதில் உள்ள குறை அம்மாவிடமிருந்து பிள்ளைக்கு வரலாம். மூக்கை நோண்டுகிற பிள்ளைக்கு மாதம் மூன்று தடவை வந்தால் அதற்காக மட்டும் பரிசோதனை எல்லோருக்கும் தேவையில்லை. உங்கள் பையனுக்குக் கேட்பது நியாயம். அடிபடாமலே உடம்பில் கன்றிப்போகிறதா, ஈறில் ரத்தம் வருகிறதா, தோலில் சிவப்புப் புள்ளிகள் உண்டா, சின்னக் காயம் நெடுநேரம் கசிகிறதா என்று பாருங்கள். தேதி, எந்தப் பக்கம், எத்தனை நிமிடம் என்று எழுதி எடுத்துக்கொண்டு குழந்தை மருத்துவரிடம் போங்கள். தேவைப்பட்டால் அவரே ரத்தநோய்ப் பிரிவுக்கு அனுப்புவார், சி.எம்.சி.யில் அது உண்டு.

இரண்டு வயதுக்குக் குறைந்த குழந்தைக்கு வந்தால் ஒரு தடவையே ஆனாலும் காட்டிவிடுங்கள். காய்ச்சலோடு வந்தால் டெங்குவை நினைத்து அன்றே போங்கள். அந்த நேரத்தில் பாராசிட்டமால் தவிர வேறு காய்ச்சல் மருந்து, முக்கியமாக ஆஸ்பிரின், இபுபுரூஃபன், வேண்டாம்.

ஆற்காடு அப்பா மறுபடி: ஐஸ் கட்டி வைத்தால் சீக்கிரம் நிற்குமாமே?

சில மருத்துவர்கள் வைக்கச் சொல்வார்கள், சிலர் பயனில்லை என்பார்கள். நான் தடுக்கமாட்டேன். ஆனால் ஐஸ் எடுக்க ஃப்ரிட்ஜுக்கு ஓட மூக்கை விட்டுவிடாதீர்கள்.