வேறு ஊர் கோர்ட்டின் டிக்ரி செல்லுமா?

கேள்வி: நான் மதுரைக்காரன். புரோநோட்டு கடன் நான்கு லட்சத்துக்குத் திருப்பூர் கோர்ட்டில் கேஸ் போட்டு என்னை அவமானப்படுத்தினார்கள். நோட்டு எழுதியது மதுரையில். சம்மனைக் கையெழுத்துப் போட்டு வாங்கியும், அதிகாரமே இல்லாத கோர்ட் என்று நான் போகவில்லை. எக்ஸ்பார்ட்டி டிக்ரி ஆகி 14 மாதம் கழித்து, இப்போது மதுரை கோர்ட்டில் நிறைவேற்று மனு போட்டு வீட்டை ஜப்தி செய்யப் பார்க்கிறார்கள். டிக்ரி செல்லாது அல்லவா?

பதில்: செல்லும். அவமானம் வழக்கில் நிற்காது. சம்மன் கைக்கு வந்தும் நீங்கள் போகவில்லை என்பதுதான் இங்கே முக்கியம்.

கோர்ட்டுக்கு அதிகாரம் இல்லை என்றாலே டிக்ரி குப்பை என்று நினைத்துப் பலர் கெட்டுப்போகிறார்கள். அந்த விஷயத்தையே விசாரிக்கச் சட்டம் இடம் தராத வழக்கில்தான் டிக்ரி அடியோடு செல்லாததாகும். வாடகை நீதிமன்றம் மட்டுமே தரக்கூடிய வெளியேற்ற உத்தரவை சிவில் கோர்ட் தந்தால் அப்படி. அதை நிறைவேற்றும் கட்டத்திலும் எதிர்க்கலாம். கடன் வழக்கோ எந்த ஊர் சிவில் கோர்ட்டும் விசாரிக்கக்கூடியது. உங்கள் ஆட்சேபணை ஊரைப் பற்றியது மட்டுமே. சிவில் நடைமுறைச் சட்டம் 21-ஆம் பிரிவின்படி அதை முதல் கோர்ட்டிலேயே, வழக்கில் தீர்க்க வேண்டிய கேள்விகளான எழுவினாக்களை வகுக்கும் முன் சொல்லியிருக்க வேண்டும். அதனால் நீதி பிறழ்ந்தது என்றும் காட்ட வேண்டும். வழக்குத் தொகை வரம்புக்கும் இதே விதிதான். ஊர் தவறு என்று தனி வழக்குப் போட 21-ஏ தடை. மதுரை கோர்ட்டும் டிக்ரி சரியா தவறா என்று பின்னால் போய்ப் பார்க்காது.

எக்ஸ்பார்ட்டி டிக்ரியை ரத்து செய்ய 30 நாள்தான் அவகாசம். சம்மன் கிடைத்திருப்பதால் டிக்ரி தேதியிலிருந்தே கணக்கு. 13 மாதத் தாமதத்துக்குத் தக்க காரணம் வேண்டும். 'அதிகாரம் இல்லை என்று நினைத்தேன்' என்பது அந்தக் காரணம் ஆகாது. பொய்க் காரணம் எழுதச் சொன்னால் கேட்காதீர்கள். சம்மனில் உங்கள் கையெழுத்து இருக்கிறது. சரி, ரத்தே ஆகி, ஊர் ஆட்சேபணையும் ஏற்கப்பட்டது என்றே வைத்துக்கொள்வோம். வழக்குரையைத் திருப்பித் தருவார்கள், கடன் கொடுத்தவர் அதை மதுரையில் தாக்கல் செய்வார். திருப்பூரில் கழிந்த காலம், வழக்குப் போடும் கெடுவைக் கணக்கிடும்போது அவருக்குக் கழித்துக் கொடுக்கப்படும். நீங்கள் வாங்கிய கடன் அப்படியே இருக்கும், வட்டி ஏறியிருக்கும்.

அதனால் சமரசம் பேசுங்கள். வட்டியைக் குறைத்து, தவணை கேளுங்கள். ஆனால் இங்கேதான் என் கட்சிக்காரர்கள் சிலர் இரண்டாவது முறை விழுந்தார்கள்: பணத்தைக் கையில் கொடுத்து, வெள்ளைத் தாளில் கையெழுத்து வாங்கிவிட்டு நிம்மதியாக இருந்துவிடுவார்கள். கோர்ட்டில் பதிவாகாத பணத்தை நிறைவேற்றும் கோர்ட் கணக்கில் எடுக்காது. முழுத் தொகைக்கும் மறுபடி ஜப்தி வரும். ஒவ்வொரு தவணையையும் வங்கி வழியே கட்டி, கட்டிய 30 நாளுக்குள் அதே சிவில் நடைமுறைச் சட்டத்தின் ஆர்டர் 21 ரூல் 2-இன் கீழ் மனுப் போட்டுப் பதிவு செய்யுங்கள். அதற்கு முன், நிறைவேற்று மனுவில் அடுத்த வாய்தாவுக்குத் தவறாமல் ஆஜராகுங்கள்.