ஜீப் செய்தி குழுவில் தொலைகிறது

"கம்பத்திலிருந்து கம்பமெட்டு வழியாக ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றும் ஜீப் ஓட்டுகிறேன். அதிகாலையில் நேரம் மாறினால் வாட்ஸ்அப் குழுவில் போடுகிறேன். காலை வணக்கப் படங்களுக்கு அடியில் அது மறைந்துவிடுகிறது. என்ன செய்யலாம்?"

அண்ணே, வாட்ஸ்அப்பிலேயே Updates பக்கத்தில் ஒரு சேனல் தொடங்குங்கள். அதில் நீங்கள் மட்டுமே எழுத முடியும். மற்றவர்கள் படிக்கலாம், இதயமோ கட்டைவிரலோ வைக்கலாம், அவ்வளவுதான். ஜீப்பில் வரும் பெண்களின் எண்களை மற்றவர்கள் பார்க்கவும் முடியாது. எங்கள் குழுவில் எண்கள் எல்லோருக்கும் தெரிந்ததால்தான் பெரிய சண்டையே வந்தது.

நான் வண்டன்மேட்டில் ஏலக்காய் விலையை இப்படித்தான் அனுப்புகிறேன். முதல் வாரம் ஏமாந்தேன். எல்லோரும் சேர்ந்துவிட்டார்கள், ஆனால் ஒருவருக்கும் மணி அடிக்கவில்லை. சேனலில் சேரும்போது அறிவிப்பு தானாகவே அணைந்துதான் இருக்கும். சேனலின் மேலே உள்ள மணிச் சின்னத்தை அவரவர் தொட்டால்தான் ஒலிக்கும். ஆகவே இணைப்பை மட்டும் அனுப்பிவிட்டு இருந்துவிடாதீர்கள். ஜீப்பில் ஏறும்போதே ஒவ்வொருவர் போனையும் வாங்கி, மணியைத் தட்டி, ஒரு சோதனைச் செய்தி போட்டுப் பாருங்கள். ஒலிக்காத போன் அங்கேயே தெரிந்துவிடும்.

படிக்கத் தெரியாதவர்களுக்காகக் குரல் பதிவாகவே போடுங்கள்: "இன்று மழை, ஐந்தரைக்குத்தான் வண்டி." "எனக்கு ஓர் இடம் வை" என்று அங்கே பதில் எழுத முடியாது. அதற்கு உங்கள் எண்ணுக்கு அழைக்கட்டும். அந்த எண்ணைச் சேனல் விவரத்தில் போடாதீர்கள், இணைப்பு கிடைத்த யாரும் அதைப் பார்ப்பார்கள்.