4,120 புள்ளி எத்தனை ரூபாய்?

கேள்வி: கிரெடிட் கார்டுக்கு வருஷம் 1,000 ரூபாய் கட்டணம் எடுக்கிறார்கள். ஆனால் புள்ளிகள் நிறைய சேர்ந்திருக்கு. வெளிநாட்டிலும் தேய்க்கிறேன். வச்சுக்கலாமா, மூடிடலாமா?

வெளிநாட்டில் தேய்ப்பதாக இருந்தால் அந்தக் கார்டு வேண்டாம். கீழக்கரையில் எங்கள் லாத்தாவின் கார்டும் இதே கட்டணம்தான். அவர் உம்ரா போய்வந்த பிறகு ஸ்டேட்மென்ட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தோம். "தம்பி, 4,120 புள்ளி இருக்கே" என்று சந்தோஷமாகத்தான் ஆரம்பித்தார்.

புள்ளியின் விலை, நீங்கள் அதை எப்படி மாற்றுகிறீர்களோ அதைப் பொறுத்தது. விமான டிக்கெட்டுக்கு ஒரு விலை, பரிசுப் பொருளுக்கு ஒரு விலை, பில்லில் கழித்தால் இன்னொரு விலை. லாத்தா பில்லில்தான் கழிப்பார். அந்தக் கார்டில் அதற்குப் புள்ளிக்கு 25 பைசா. ஆக 4,120 புள்ளிக்கு 1,030 ரூபாய். 100 ரூபாய்க்கு 2 புள்ளி என்றால் செலவில் அரை சதவீதம் திரும்பி வருகிறது, அவ்வளவுதான். பெட்ரோல், வாலட்டில் பணம் போடுவது போன்றவற்றுக்குப் பல கார்டுகளில் புள்ளியே விழாது.

இப்போது மக்கா ஹோட்டல். ஸ்டேட்மென்ட்டில் SAR 2500.00, அதாவது 2,500 சவூதி ரியால், பக்கத்தில் 56,000 ரூபாய். அதற்குக் கீழே தனி வரியாக, வெளிநாட்டுப் பணத்தில் தேய்த்ததற்கு வங்கி கூடுதலாக எடுக்கும் 3.5 சதவீத மார்க்அப் 1,960 ரூபாய். அந்த மார்க்அப்புக்கு 18 சதவீத ஜிஎஸ்டி 352.80. மொத்தம் 2,312.80 ரூபாய். அதே ஹோட்டல் பில்லுக்குக் கிடைத்த 1,120 புள்ளியின் மதிப்பு 280 ரூபாய். லாத்தா அந்த இரண்டு எண்ணையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேசவே இல்லை. எனக்கும் மனசு கஷ்டமாகிவிட்டது.

சில வங்கிகள் மார்க்அப்பைத் தனி வரியாகக் காட்டாமல் ரூபாய்த் தொகைக்குள்ளேயே சேர்த்துவிடும். ரூபாயை ரியாலால் வகுத்துப் பாருங்கள். அந்தத் தேதிக்கு விசா அல்லது மாஸ்டர்கார்டு தளம் காட்டும் விகிதத்தைவிட மூன்று, நான்கு சதவீதம் கூடுதலாக இருந்தால் மார்க்அப் உள்ளேதான் இருக்கிறது.

வருஷக் கட்டணத்துக்கும் ஜிஎஸ்டி உண்டு. 1,000 என்பது 1,180 ஆகும். லாத்தாவுக்குக் கட்டணமும் மார்க்அப்புமாகப் போனது 3,492.80, வந்தது 1,030. உள்ளூரில் மட்டும் தேய்த்தாலும், கட்டணத்தை ஈடுகட்டவே புள்ளி விழும் செலவு வருஷத்துக்கு 2,36,000 ரூபாய் வேண்டும். உங்களுக்கு அவ்வளவு ஆகிறதா என்று பாருங்கள்.

கட்டணம் விழும் மாதத்துக்கு முன்பே வங்கிக்குப் போன் போட்டு, தள்ளுபடி உண்டா என்று கேளுங்கள். இல்லை என்றால் உள்ளூருக்குக் கட்டணமில்லாத கார்டு, வெளிநாட்டுக்கு மார்க்அப் இல்லாத கார்டு என்று பிரித்துக்கொள்ளலாம். மூடுவதற்கு முன் புள்ளிகளைப் பில்லில் கழித்துவிடுங்கள். கார்டு மூடினால் மிச்சப் புள்ளி பெரும்பாலும் போய்விடும். லாத்தா கழித்து, அந்த வரவு ஸ்டேட்மென்ட்டில் ஏறியதைப் பார்த்த பிறகுதான் மூடச் சொல்லி எழுதிக் கொடுத்தார்.